65 வாட் சார்ஜரில் 18 வாட் போன்: உங்களுக்கு என்ன ஆனது?

தாமரைக்குளம்
அப்பாவின் போன் வாங்கி மூன்று வருடம். கூட வந்த சார்ஜர் பழுதானதும் என் லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜரைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன் ஏற்பது 18 வாட்தான். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அப்பா போனை மேசையில் வைத்தார். அது தட்டையாக உட்காராமல் பம்பரம் மாதிரி சுற்றியது. பின்மூடி நடுவில் புடைத்திருந்தது. "நீ குடுத்த சார்ஜர் வந்ததுலேர்ந்தே சூடாத்தான்பா இருக்கு" என்றார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என் சார்ஜர்தான் காரணமா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வடக்குவீதி
சார்ஜர் காரணமே இல்லை. போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். நான் நாலு வருடமாக 100 வாட் சார்ஜரில் போடுகிறேன், ஒரு குறையும் இல்லை. வீணாகக் கவலைப்படாதீர்கள்.

மல்லிகா_ஆர்
எனக்கு நேர்மாறான பிரச்சினை. என் போன் 67 வாட் ஏற்கும். பயணத்தில் தோழியின் 65 வாட் சார்ஜரில் போட்டால் மூன்று மணி நேரமாகியும் நிறையவில்லை. ரயில் ஏறும் நேரத்தில் 41 சதவீதம்தான் காட்டியது, பயணச்சீட்டு அந்தப் போனில்தான் இருந்தது. இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பழுதுமேசை
பன்னிரண்டு வருடமாக போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வடக்குவீதி சொன்னதில் பாதி சரி. டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும். என்னிடம் 9, 15, 20 வோல்ட் இருக்கிறது என்று அது சொல்லும், போன் 9 வோல்ட் போதும் என்று கேட்கும். 65 என்பது சார்ஜரின் உச்ச வரம்பு, அவ்வளவையும் அது போனுக்குள் தள்ளிவிடாது.

ஆனால் "காரணமே இல்லை" என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் இதே மாதிரி ஒரு போன் வந்தது. அதுவும் 18 வாட் ஏற்பது, பெட்டியில் வந்த சார்ஜரோ 10 வாட். இடையில் மீட்டர் போட்டுப் பார்த்தேன். பழைய சார்ஜரில் 5 வோல்ட், 1.9 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட். 65 வாட் சார்ஜரில் 9 வோல்ட், 1.9 ஆம்பியர், சுமார் 17 வாட். போன் தன் வரம்பைத் தாண்டவில்லை. ஆனாலும் அதுவரை எடுத்துக்கொண்டிருந்ததைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடுத்தது. சூடு கூடியது அதனால்தான். 80 சதவீதம் தாண்டியதும் தானாகவே குறைத்துக்கொண்டது.

தாமரைக்குளம், அப்பாவின் பழைய சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் 18 வாட் என்றால் உங்கள் சார்ஜர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. இன்னொன்று, எங்கே வைத்து சார்ஜ் போட்டார் என்றும் கேளுங்கள்.

மல்லிகா, உங்கள் போனின் வேக சார்ஜிங் அதே நிறுவன சார்ஜரிடமும் கேபிளிடமும் மட்டும் பேசும் வகையாக இருக்கலாம். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் சாதாரண 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

கரிசல்காடு
எந்த சார்ஜரும் பேசிவிட்டுத்தான் கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் ஸ்பீக்கருக்கு வந்த 12 வோல்ட் அடாப்டர் இருந்தது, முனை டைப்-சி. அவசரத்தில் தங்கை அதைப் போனில் செருகினாள். திரை ஒருமுறை மின்னி அணைந்தது, அப்புறம் எழவே இல்லை. அது கேட்காமலே 12 வோல்ட்டைக் கொடுக்கும் அடாப்டர் என்று பிறகுதான் தெரிந்தது. செருகும் முன் அடாப்டரின் மேல் OUTPUT என்ற வரியைப் படியுங்கள். 5V-யில் தொடங்கிப் பல வோல்ட் இருந்தால் சரி, 12V மட்டும் இருந்தால் தொடாதீர்கள்.

வடக்குவீதி
அது சார்ஜரே இல்லையே! அதைவைத்துப் பெரிய வாட் ஆபத்து என்று சொல்லக் கூடாது.

கரிசல்காடு
வாட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. முனை ஒன்றுபோல இருப்பதுதான் ஆபத்து என்கிறேன்.

தாமரைக்குளம்
பார்த்துவிட்டேன். பழைய சார்ஜரில் 5V, 2A என்றுதான் இருக்கிறது, 10 வாட். அப்பா இரவு முழுக்கத் தலையணை ஓரத்தில், தடித்த ரப்பர் உறையோடு சார்ஜ் போடுவாராம். கடைக்குக் கொண்டுபோகும் வரை மூடியை அமுக்கிப் பார்க்கலாமா?

பழுதுமேசை
அமுக்கவே வேண்டாம். உள்ளே உப்பியிருக்கும் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அணைத்து, சார்ஜ் போடாமல், எரியக்கூடிய பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். மெத்தையும் உறையும் சூட்டை வெளியே விடாது, அதோடு இரவு முழுக்க 100 சதவீதத்தில் நின்றிருக்கிறது. மூன்று வருட பேட்டரி வேறு. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சார்ஜர் மாறாமல் இருந்தாலும் அது உப்பியிருக்கலாம், கொஞ்ச நாள் தள்ளி.