கொடைக்கானல் பஜ்ஜி ரீல்: காரத்துக்கு ஒரு வரி வேண்டும்

நண்பர்களே, கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு அக்காவின் மிளகாய் பஜ்ஜிக் கடைக்காக 20 விநாடி ரீல் எழுதுகிறேன். முதல் மூன்று கட் சரியாக வந்துவிட்டன. மாவில் முக்கிய மிளகாய் எண்ணெயில் விழும் ‘சொய்ங்’. அங்கே குரலே இல்லை, சத்தம் மட்டும். அடுத்து ஜல்லிக்கரண்டியில் எண்ணெய் வடிகிறது. அப்புறம் பஜ்ஜியைப் பிய்க்கும் விரல்கள். ஒவ்வொன்றும் ஒரு விநாடிதான்.

சிக்கல் நான்காவதில். “மொறுமொறுப்பான, சுவையான, காரசாரமான பஜ்ஜி” என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் நான்கு விநாடி ஓடுகிறது. படம் அதற்குள் சட்னிக்குப் போய்விடுகிறது. ‘சுவையான’ என்பதை முதலில் தூக்கினேன், அது நாக்கில் எதையும் வைப்பதில்லை. இப்போது இருப்பது: “கை விறைக்குது. பஜ்ஜி சுடுது. ஊதி ஊதிக் கடி.” சூடு வந்துவிட்டது, காரம் வரவில்லை! மூக்கில் நீர் வடிவதைச் சொன்னால் அருவருப்பாக இருக்குமோ?

இன்னொன்று, பனிமூட்டத்தின் முன்னால் ஆவி தெரியவே இல்லை, வெள்ளையில் வெள்ளை. கடையின் கரி பிடித்த தகரத்தைப் பின்னால் வைத்து, ஆவிக்குப் பின்பக்கமிருந்து வெளிச்சம் விழும்படி நாளை மறுபடி எடுக்கிறேன். அதற்குள் காரத்துக்கு மூன்றே சொல்லில் ஒரு வரி யாராவது தாருங்கள்.