84 வயதில் அத்தை எழுதிய உயில்: கோர்ட்டில் எதைக் கேட்டார்கள், உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குடியாத்தம்காரன்

வயதானவர்கள் எழுதும் உயில் செல்லுமா என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் அத்தையின் உயில் வழக்கைக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை, மாமா முன்பே காலமாகிவிட்டார். குடியாத்தத்தில் ஒரு வீடு, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம். இரண்டும் அத்தை தறி ஓட்டிச் சேர்த்த காசில் தன் பெயரில் வாங்கியவை. உயில் இல்லாமல் போயிருந்தால் இந்து வாரிசுச் சட்டப்படி அது மாமாவின் வாரிசுகளுக்குப் போயிருக்கும். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது என் தங்கை. 84 வயதில் வீடு, நிலம் இரண்டையும் தங்கைக்கு எழுதிப் பதிவும் செய்தார். அவர் போன பிறகு மாமாவின் அண்ணன் மகன் வழக்குப் போட்டார்.

எதிர்த்தரப்பு கையில் வைத்திருந்தது ஒரே ஒரு காகிதம். உயிலுக்கு மூன்று வாரம் முன்பு அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிரஷர் மாத்திரையால் உடம்பில் உப்பு குறைந்து, இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் பேசினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் மனக்குழப்பம் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டி, புத்தி தெளிவில்லாத கிழவியிடம் ரேகை வாங்கிவிட்டார்கள் என்றார்கள்.

எங்கள் வக்கீல் அந்தக் காகிதத்தை மறுக்கவில்லை. உயில் எழுதிய அன்று மனம் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி, மூன்று வாரம் முன்பு எப்படி இருந்தது என்பதல்ல என்றார். டிஸ்சார்ஜுக்குப் பின் நடந்த மறுபரிசோதனைச் சீட்டில் உப்பு சரியாகிவிட்டது, நோயாளி தெளிவாகப் பேசுகிறார் என்று இருந்தது. மருத்துவரும் வந்து, உப்பு குறைவால் வரும் குழப்பம் உப்பு ஏறியதும் தெளியக்கூடியது, அது மறதி நோய் இல்லை என்று சொன்னார்.

ஆனால் வழக்கைத் திருப்பியது சாட்சிதான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தார். குறுக்கு விசாரணையில், அந்த அம்மாவுக்குக் காதே சரியாகக் கேட்காது, வாசித்தது புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவர் சொன்னார்: எழுத்தர் வரைவை உரக்க வாசிக்கும்போது நான்கெல்லை வந்ததும் அத்தை நிறுத்தினார். "வடக்கே அவர் வீடு இல்லைப்பா, வடக்கே சந்து. அவர் வீடு கிழக்கே" என்று திருத்தினார். அந்தத் திருத்தம் உள்ள வரைவை எழுத்தர் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார், அதையும் தாக்கல் செய்தோம். அண்ணன் மகனுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று எழுத்தர் கேட்டதற்கு, "கடை வைக்கப் பணம் கொடுத்தேனே, அதுதான் அவன் பங்கு" என்று சொன்னதையும் ஆசிரியர் சொன்னார்.

எங்களுக்குப் பாதகமாக இருந்தது இது: தங்கையே ஆட்டோவில் அழைத்துப் போயிருந்தாள், பக்கத்திலேயே நின்றாள். உயிலால் சொத்து பெறுபவரே அதை எழுத வைப்பதில் முக்கியப் பங்கு எடுத்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை. அதை விளக்கித் துடைக்க வேண்டியது உயிலைக் காட்டுபவரின் பொறுப்பு. 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்று இரண்டு தரப்புமே அதைத்தான் படித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் எங்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. இப்போது அப்பீல் சத்துவாச்சாரியில் மாவட்ட நீதிமன்றத்தில் நிற்கிறது.

வாலாஜாபேட்டை வாசி

அண்ணா, நீங்கள் அரசு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்காததுதான் பிரச்சினை. 80 தாண்டினால் டாக்டர் சான்று இல்லாத உயில் செல்லாது. பதிவும் செய்துவிட்டால் அப்புறம் யாரும் தொட முடியாது. எழுதுபவருக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன்.

பத்திரம் பார்த்தவன்

சார், பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் சொன்னதில் பாதி சரி.

டாக்டர் சான்று இருந்தால் பலம், அது உண்மை. ஆனால் அது இல்லை என்பதற்காக உயில் விழாது. சட்டத்தில் மேல் வயது வரம்பே கிடையாது. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59ஆம் பிரிவு கேட்பது இரண்டுதான்: மைனராக இருக்கக் கூடாது, மனம் தெளிவாக இருக்க வேண்டும். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், பேச முடியாதவர் யாரும் எழுதலாம், தான் செய்வது என்னவென்று தெரிந்தால் போதும். மனநோய் உள்ளவர்கூட தெளிந்திருக்கும் நேரத்தில் எழுதலாம். போதையிலோ நோயிலோ என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் எழுதினால் மட்டும் செல்லாது.

பதிவு பற்றி: உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. சார்பதிவாளர் "இது என்ன பத்திரம், யாருக்கு எழுதுகிறீர்கள், உங்கள் விருப்பம்தானா" என்று கேட்பார். அது நல்ல ஆதாரம். ஆனாலும் பதிவான உயிலை எதிர்த்தும் வழக்குப் போடலாம், குடியாத்தம் தம்பி வீட்டிலேயே பார்த்தீர்களே. படுக்கையில் இருப்பவருக்கு மனு கொடுத்தால் அலுவலர் வீட்டுக்கே வந்தும் பதிவார்.

21 என்பது பழைய கதை. கோர்ட் கார்டியன் நியமித்த மைனருக்கு முன்பு 21 வயதில்தான் மேஜர். 1999இல் அதைத் திருத்தினார்கள். இப்போது எல்லோருக்கும் 18தான்.

காட்பாடி பேரன்

தாத்தா எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போதே வீட்டை என் பெயருக்கு உயில் எழுதினார். 18 ஆகாததால் அது செல்லாதா? சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார்.

பத்திரம் பார்த்தவன்

செல்லும் தம்பி. 18 என்பது எழுதுபவருக்கு, வாங்குபவருக்கு இல்லை. கைக்குழந்தைக்கும் எழுதலாம், மேஜராகும் வரை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவர் பெயர் போட்டால் நல்லது. சித்தப்பாவிடம் பொறுமையாகப் பேசுங்கள்.

அணைக்கட்டு அண்ணி

18 பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் நாத்தனார் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அப்பா இறந்தபோது நிலத்தில் அம்மா, அக்கா, அவன் என்று மூன்று பங்கு வந்திருந்தது. பதினேழு வயதில் நோட்டுப் புத்தகத்தில், "என் பங்கு அக்காவுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி. அம்மாவின் சம்மதம் இருந்தால் செல்லும் என்று யாரோ சொன்னதால் நாத்தனாரும் கீழே கையெழுத்துப் போட்டார். பதினெட்டுக்குச் சில வாரம் இருக்கும்போது போய்விட்டான்.

வேலூரில் வக்கீலிடம் காட்டினோம். எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் மைனரின் உயிலுக்கு உயிரில்லை, அம்மா சம்மதித்தாலும் இல்லை, மைனருக்காகக் கார்டியனும் எழுத முடியாது என்றார். அவன் 18 கடந்து இருந்திருந்தால்கூடப் பழைய தாள் தானாகச் செல்லாது, புதிதாக எழுத வேண்டும் என்றார். அவன் பங்கு அம்மாவுக்கு வந்தது. அவர் அதை மகளுக்குத் தானசெட்டில்மென்ட் செய்தார். அவன் நினைத்தது நடந்தது, ஆனால் அம்மாவுக்கு மனம் இருந்ததால் நடந்தது. அவ்வளவு புத்தியுள்ள பிள்ளை, அவன் எழுதியதற்கு மதிப்பில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

ஆம்பூர் மகள்

எங்கள் வீட்டில் கணக்கு வேறு. முஸ்லிம்களுக்கு அந்த 59ஆம் பிரிவு பொருந்தாது. வயது 18 என்பது மட்டும் எங்களுக்கும் அதேதான். கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வேண்டுமானால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாப்பா எல்லாவற்றையும் தம்பிக்கே என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனம் தெளிவாக இருந்ததா என்று யாரும் கேட்கவே இல்லை, நாங்கள் சம்மதிக்கிறோமா என்பதுதான் கேள்வி. நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

முதியோர் வார்டு

முதியோர் மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். உயிலுக்கு முன் மனநிலை பார்க்கச் சொல்லி அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறார்கள். எல்லோரும் கேட்பது "எத்தனை மார்க்" என்றுதான். முப்பதுக்கு மதிப்பெண் போடும் நினைவாற்றல் சோதனை உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பள்ளிக்கூடம் போகாத பெரியவருக்கு வாசி, எழுது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்றால் மார்க் தானாகக் குறையும். தேதி தெரியாத ஒரு விவசாயி, எந்தக் கழனிக்கு எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு தண்ணீர் என்று தடையில்லாமல் சொன்னார். உயிலுக்குத் தேவையான மனம் அவரிடம் இருந்தது.

நாங்கள் குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசுவோம். கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்க வேண்டும். காலையில், களைப்பில்லாத நேரத்தில் வைத்துக்கொள்வோம். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி கேட்க மாட்டோம். உங்களுக்கு என்னென்ன சொத்து, பிள்ளைகள் யார் யார், யாருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள், ஏன் என்று கேட்போம். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு அதையே மறுபடி கேட்போம். பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். அவர் சொன்ன வார்த்தைகளையே குறிப்பில் எழுதுவோம். "மனநிலை நன்று" என்ற ஒரு வரிச் சான்று கோர்ட்டில் அதிகம் உதவாது.

கை நடுக்கம், கோணல் கையெழுத்து, ரேகை எதுவும் குறையில்லை. நான் பயப்படுவது வேறு. ஒரு பெரியவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். மூத்த மகனுக்கு ஏன் இல்லை என்றதும், "அவன் சோற்றில் விஷம் வைக்கிறான்" என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை. நினைவு நன்றாக இருந்தும், அந்தப் பொய் நம்பிக்கைதான் உயிலை எழுத வைக்கிறது. அவருக்கு நான் சான்று கொடுக்கவில்லை.

வாலாஜாபேட்டை வாசி

சரி அக்கா, நான் நினைத்தது தப்பு போல. ஆனால் வீடியோ எடுத்துவிட்டால்?

முதியோர் வார்டு

முழுதாக எடுத்தால் உதவும். மகன் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க, அம்மா "ஆமாம்பா" என்று மட்டும் சொல்லும் வீடியோ எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

குடியாத்தம்காரன்

எங்களிடம் வீடியோ இல்லை. அப்பீலில் அவர்கள் புதிதாகக் கிளப்புவது இரண்டாவது சாட்சியை. அவர் அத்தை ரேகை வைத்த பிறகு வந்து கையெழுத்துப் போட்டார் என்கிறார்கள். பத்திரம் பார்த்தவன் ஐயா, அது ஆபத்தா?

பத்திரம் பார்த்தவன்

இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை தம்பி. ரேகை வைத்ததை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் ரேகைதான்" என்று அத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அத்தைக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கீழ்க்கோர்ட்டில் ஆசிரியர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று வாக்குமூலத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வரிகூட இல்லை என்றால் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம்காரன்

வாக்குமூல நகல் தங்கையிடம் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.