உதவி வேண்டும்: புதுத் தளத்தில் மழைநீர் தேங்கிவிட்டது, என் கதையின் காவலாளி என்ன செய்வார்?

பேனாக்காரி

ஒரு சிறுகதை பாதியில் நின்றுவிட்டது. கட்டட வேலை தெரிந்தவர்கள் கைகொடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய இரவுக் காவலாளி ஒருவர். மாலை ஆறு மணிக்கு மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். இரவு ஒரு மணிக்கு மழை பிடித்து, அரை மணி நேரம் அடித்து ஓய்கிறது. அவர் மேலே ஏறுகிறார். இதுவரை எழுதியது இது:

“கடைசிப் படியில் நின்று டார்ச்சை அடித்தார். தளம் முழுவதும் ஈரத்தில் மின்னியது. மூலை அறையின் மேல் மட்டும் தண்ணீர் வட்டமாக நின்றது. ஓரத்தில் படலம்போல் இருந்தது, நடுவே போகப்போக ஆழமானது. நீளக் கம்பு ஒன்றை விட்டுப் பார்த்தார். நான்கு விரற்கடை நனைந்திருந்தது. இந்தப் பாரத்தில் தளம் இடிந்துவிடுமோ என்று நெஞ்சு பதறியது.”

இதன்பின் அவர் தண்ணீரை வாளியால் இறைத்து, கிடங்கிலிருந்து சிமெண்டைக் கொண்டுவந்து தூவி, விடியும்வரை தானே தேய்த்துத் தளத்தைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறேன். நம்பும்படி இருக்குமா?

பழைய கொத்தனார்

நன்றாக இருக்கிறது அம்மா. நாங்களும் அப்படித்தான் செய்வோம். போட்ட கையோடு மழை வந்தால் மேலே இருக்கும் சிமெண்டுப் பால் ஓடி, மணல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். காய்ந்த சிமெண்டைத் தூவி மட்டப்பலகையால் இழுத்துவிட்டால் முகம் பழையபடி வழவழப்பாகிவிடும். வெறுங்கையால் தேய்ப்பதாக மட்டும் எழுதாதீர்கள், தோல் போய்விடும்.

மாடிவீடு

இதே சிக்கல் எனக்கும் இருக்கிறது. தளம் போட்டு ஐந்து நாள் ஆகிறது. நேற்றைய மழையில் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. உடனே வடிக்க வேண்டுமா? கீழே ஒழுகுமா?

சைட் பொறியாளர்

மாடிவீடு ஐயா, உங்களுடையது வேறு கதை. ஐந்து நாள் ஆன தளத்தில் நாமே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். உங்களுக்கு அந்த வேலையை மழை செய்துவிட்டது. நிற்கட்டும்.

பேனாக்காரி அம்மாவுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொத்தனார் சொன்ன சிமெண்டுப் பால் விஷயம் சரி, ஆனால் அது கான்கிரீட் இளகலாக இருக்கும்போது நடப்பது. உங்கள் கதையில் ஏழு மணி நேரம் கடந்துவிட்டது. கட்டை விரலை அழுத்தினாலும் பதியாத அளவுக்கு மேற்பரப்பு இறுகியிருக்கும், அதை இந்த மழை பெரிதாக ஒன்றும் செய்யாது. சிமெண்டைத் தூவுவது இளகலான நேரத்தில்கூடத் தவறுதான். முகம் வழவழப்பாகும் என்பது உண்மை. ஆனால் அது அடியோடு ஒட்டாத மெல்லிய தோல். சில மாதங்களில் வலைபோல் வெடித்து, செதில் செதிலாக உரியும்.

தண்ணீரின் பாரமும் பயப்படும்படி இல்லை. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. ஆழம் நின்றால் 10 கிலோ. 12 செ.மீ. கனத் தளமோ அதே பரப்பில் 300 கிலோ. அவ்வளவையும் சுமக்கும் சென்ட்ரிங் இந்தத் தண்ணீருக்கு அசையாது.

ஆனால் நீங்கள் அறியாமலே உண்மையான ஆபத்தை எழுதிவிட்டீர்கள். மட்டம் பிடித்துப் போட்ட தளத்தில் தண்ணீர் ஏன் ஒரே அறையின் நடுவில் வட்டமாகக் கூட வேண்டும்? மட்டப்பலகை தவறினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோணல்மாணலாக, விரல் ஆழத்துக்குள் திட்டுகள் நிற்கும். உத்திரத்தின் மேல் ஈரம் மட்டும் இருக்க, அறை நடுவில் கிண்ணம்போல் ஆழம் இருந்தால், கீழே முட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். முட்டுக்கு அடியில் பலகை போடாமல், நிரப்பிய மண்ணின் மேல் அப்படியே நிறுத்துவார்கள். ஈரம் ஏறியதும் மண் உள்வாங்கும். உங்கள் காவலாளி தண்ணீரைக் கண்டதும் கீழேதான் பார்க்க வேண்டும்.

பேனாக்காரி

உடம்பு சிலிர்க்கிறது. மேலே நிற்கும் தண்ணீர் கீழே நடந்ததைச் சொல்கிறது! அப்படியென்றால் ஒரு மணிக்குப் பிடித்த மழையில் முட்டு இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாமா?

சைட் பொறியாளர்

அப்படி வைத்தால் தளத்தில் விரிசல் இருக்க வேண்டும். ஏழு மணி நேரக் கான்கிரீட் இறுகியிருக்கும், ஆனால் தன்னைத் தானே தாங்கும் பலம் அதற்கு வந்திருக்காது. அந்த நேரத்தில் முட்டு இறங்கினால் வளைந்து கொடுக்காது, உத்திரத்தின் ஓரமாகக் கோடு போட்டதுபோல் வெடிக்கும். நீங்கள் விரிசலே எழுதவில்லை. விரிசல் இல்லாத வழவழப்பான கிண்ணம் என்றால், கான்கிரீட் இளகலாக இருந்த மாலை நேரத்திலேயே இறங்கிவிட்டது. முழுப் பாரமும் முதலில் ஏறுவது அப்போதுதான். இருட்டில் யாரும் கவனிக்கவில்லை, இரவு மழை காட்டிக்கொடுத்தது. காலையில் மண்ணில் தண்ணீர் தேங்கியிருந்ததாக முன்பே ஒரு வரி வையுங்கள், பொருந்திவிடும். நான்கு விரற்கடையை இரண்டாகக் குறையுங்கள். நான்கு இறங்கினால் பலகை மூட்டுகள் பிரிந்து, மாலையிலேயே கீழே சிமெண்டுப் பால் கொட்டியிருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள்.

பழைய கொத்தனார்

ஐயா சொல்வது சரி. எங்கள் தளம் ஒன்றில் ஆப்பு நழுவி இப்படித்தான் ஆனது. ஆனால் காவலாளி ஆப்பை இறுக்கி முட்டை ஏற்றிவிடலாமே? நாங்கள் ஏற்றினோம்.

சைட் பொறியாளர்

எப்போது ஏற்றினீர்கள்?

பழைய கொத்தனார்

போட்டுக்கொண்டிருந்தபோதே.

சைட் பொறியாளர்

அதனால்தான் தப்பித்தது. இறுகிய பிறகு ஏற்றினால் கீழிருந்து இடித்து உடைப்பதற்குச் சமம். இறங்கியது இறங்கியபடியே நிற்கட்டும், இனி இறங்காமல் பக்கத்தில் புது முட்டு கொடுக்க வேண்டும். அதையும் காவலாளி தனியாகச் செய்யக் கூடாது. மேஸ்திரியைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டும். அந்த அறைக்குள் நுழையவும் கூடாது, மேலே நடக்கவும் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று டார்ச் அடித்தாலே முட்டின் அடி தெரியும்.

பேனாக்காரி

தண்ணீரை என்ன செய்வது? இறைத்துவிட வேண்டுமா?

பழைய கொத்தனார்

விளிம்புப் பலகையில் ஓர் இடத்தைத் தளர்த்தி வடித்துவிடுவதுதான் முறை. மேலே ஏற வேண்டியதில்லை.

சைட் பொறியாளர்

நான் விட்டுவைக்கச் சொல்வேன். காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க அதைவிட நல்ல மட்டம் கிடையாது. வடித்துவிட்டால், “அப்போதே இப்படித்தான் இருந்தது” என்று சென்ட்ரிங்காரர் சாதிப்பார்.

பழைய கொத்தனார்

குழி நடுவில் இருக்கும்போது எப்படியும் முழுதாக வடியாது, அது உண்மை. ஆனால் முட்டு சந்தேகமாக இருக்கும்போது பத்துக் கிலோ என்றாலும் குறைப்பேன். என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

பேனாக்காரி

இருவரையும் கதைக்குள் கொண்டுவந்துவிட்டேன். மேஸ்திரி வடிக்கச் சொல்கிறார், காவலாளிக்கு மனம் வரவில்லை. திருத்திய பகுதி:

“வாசலில் நின்றபடியே டார்ச்சைத் தாழ்த்தினார். மற்ற முட்டுகளின் அடியில் மண் சமமாக இருந்தது. நடு முட்டின் காலை மட்டும் மண் இரண்டு விரற்கடை விழுங்கியிருந்தது. சுற்றிலும் எழும்பிய சேறு உதடுபோல் காய்ந்து வெடித்திருந்தது. இது இப்போதைய மழையில் இறங்கியது இல்லை. மறுபடி படியேறினார். தளத்தில் கால் வைக்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளை எண்ணினார். மூன்றாவது கட்டுக்கு நேரே தண்ணீரின் விளிம்பு தொடங்கியது, நான்காவதற்கு ஒரு சாண் முன்னால் முடிந்தது. வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, நேரத்தையும் போட்டார்.”

சைட் பொறியாளர்

காய்ந்த சேறு அருமை அம்மா. ஒன்று மட்டும் பாருங்கள். தளத்துக்கு அடியில் சாரல் படாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அது எப்படிக் காய்ந்திருக்கும் என்று கேட்பார்கள்.