திருவிழா வசூல் கணக்கு: அடிக்கட்டைக்கும் கையிருப்புக்கும் 16,100 வித்தியாசம் வந்த கதை

வடகரைக்காரன்

வைகைக்கு வடகரையில ஒரு தெருவுல, பங்குனிப் பொங்கல் முடிஞ்ச மறுவாரம் நடந்தது இது. எட்டு ரசீது புக்கு, புக்குக்கு அம்பது தாள். அடிக்கட்டையக் கூட்டினா 2,46,300. பொருளாளர் நோட்டுல ரொக்கம் 1,71,800, அவர் போன்ல ஜிபே 58,400. ரெண்டும் சேர்த்து 2,30,200 தான் வருது. மீதி 16,100 எங்கன்னு கேள்வி வந்ததும் ஒருத்தர் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பிச்சாங்க. அந்த ஆளு எந்திரிச்சு சட்டைப் பைய அப்படியே ஜமுக்காளத்துல கவிழ்த்துட்டார். ஒரு அம்பது ரூபா நோட்டும், மடங்கிப் போன டீக்கடைச் சீட்டு நாலஞ்சும் விழுந்துச்சு. யாரும் அந்தச் சீட்ட எடுத்துப் பார்க்கல. அதுதான் இன்னும் உறுத்துது. மத்த ஊர்கள்ல இத எப்படிச் சமாளிக்கிறீங்க?

பற்றுவரவு

தம்பி சொன்ன கணக்கை மறுநாள் பிரிச்சுப் பார்த்தோம். அதை எழுதிடுறேன், ஏன்னா தெருவுல பாதிப் பேருக்கு முடிவு தெரியாது.

முதல்ல பார்த்தது ரசீத இல்ல, ஜிபே வரவை. வந்த பணம் ஒவ்வொண்ணுக்கும் ரசீது எண் இருக்கான்னு தேடினோம். வெளியூர்ல வேலை பார்க்குற பிள்ளைங்க மூணு பேர் அனுப்பின 2,100 ரூபாய்க்கு ரசீதே போடல. அப்படின்னா அந்த 2,100 கூடுதலா வந்து பள்ளத்த மூடி வச்சிருக்கு. உண்மையான குறைவு 16,100 இல்ல, 18,200. இதைப் பார்க்காம யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அப்புறம் அடிக்கட்டைய ஒண்ணொண்ணாப் புரட்டினோம். ஆறு ரசீது "சாயங்காலம் தர்றேன்"னு சொன்னவங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. பணம் வரவே இல்ல, அது 7,500. ஒரு குழு வசூல் பணத்துலயே டீ, பூமாலை அட்வான்ஸ், மைக்செட் இறக்கின ஆட்டோ வாடகை எல்லாம் கொடுத்துட்டு மிச்சத்த மட்டும் ஒப்படைச்சிருக்கு, அது 5,350. பொருளாளரோட கியூஆர் அட்டை கையில இல்லாத நேரத்துல வசூலுக்குப் போன பையன் போனுக்கே ஒரு வீட்டுல 3,000 போட்டிருக்காங்க. இன்னொரு அடிக்கட்டைல எண்ணுல 2,500, எழுத்துல "இருநூற்று ஐம்பது". கொடுத்தவர் கையில இருந்த ரசீதுலயும் எழுத்துல அதேதான். அதுல 2,250 தள்ளுபடி. மொத்தம் 18,100. மிச்ச நூறு ரூபா கடைசி வரை தெரியல. அதை "விளங்காத வித்தியாசம் 100"னு கணக்குலயே எழுதி ஒட்டச் சொன்னேன். ஒருத்தர் தன் பையில இருந்து நூறு எடுத்துப் போட்டுச் சரிக்கட்டலாம்னார், வேண்டாம்னுட்டோம். ஒரு தடவை அப்படிச் சரிக்கட்டினா அடுத்த வருஷம் வித்தியாசம் வந்தாலும் வெளிய தெரியாது.

இதுல திருட்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி ராத்திரியே ஒப்படைப்பு நடந்திருந்தா இது ஒண்ணுமே சேர்ந்து நின்னிருக்காது. உதாரணத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேர் போய் ரசீது 112 முதல் 139 வரை கிழிச்சிருக்காங்கன்னு வைங்க. இருபத்தெட்டு தாள், அடிக்கட்டைக் கூட்டல் 10,950. அதுல ஜிபே 2,500. அப்ப கையில இருக்க வேண்டியது 8,450. நோட்டு எண்ணிக்கைச் சீட்டு இப்படி இருக்கணும்: 500 பதினொண்ணு, 200 ஏழு, 100 பதிமூணு, 50 அஞ்சு. கூட்டுங்க, 8,450 வரும். சீட்டுல மூணு கையெழுத்து, போன ரெண்டு பேரும் வாங்கின ஒருத்தரும். பத்து நிமிஷ வேலை. ஒரு வாரம் கழிச்சு எந்த வீட்டுல எவ்வளவுன்னு ஞாபகப்படுத்துறது ரொம்பக் கஷ்டம்.

டீ, ஆட்டோவுக்குக் காசு வேணும்தான். அதுக்குப் பொருளாளர் காலையில ஒவ்வொரு குழுவுக்கும் 300, 500ன்னு தனி முன்பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கணும். வசூல் பணத்துல கை வைக்கக் கூடாது. தம்பி பார்த்த டீக்கடைச் சீட்டு அந்த 5,350-ல சேர்ந்ததுதான். அன்னைக்கே எடுத்துக் கூட்டியிருந்தா அந்த மனுஷன் சட்டைய உதற வேண்டி வந்திருக்காது.

மேலக்கால் குமாரு

ஜிபேல வந்தா ரசீதே தேவை இல்லண்ணே. ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப் குரூப்ல போட்டா முடிஞ்சது, அதுவே ஆதாரம். ரசீது ரொக்கத்துக்கு மட்டும். இன்னொண்ணு, 5,000-க்கு மேல ரசீது எழுதினா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும், இல்லாட்டி செல்லாது. எங்க ஏரியாவுல 10,001 கொடுத்தவருக்கு ஸ்டாம்ப் இல்லாம கொடுத்து, அவர் அத வாங்க மாட்டேன்னுட்டார்.

உசிலங்காடு

நீங்க எல்லாம் ரசீது ரசீதுன்னு பேசுறீங்க. எங்க பக்கம் மொய் விருந்துல லட்சக்கணக்குல விழுது, ஒரு ரசீது கிடையாது. ஒருத்தர் பணத்த வாங்கி எண்ணிச் சத்தமாச் சொல்வார், இன்னொருத்தர் ஊர், பேர், தொகை மூணையும் நோட்டுல எழுதுவார். எண்ணுறவர் எழுத மாட்டார், எழுதுறவர் பணத்தத் தொட மாட்டார். ராத்திரி நோட்டுக் கூட்டலும் பெட்டியும் ஒத்துப் போகும். நாலு வருஷம் முன்னாடி எழுதின நோட்டு ஒரு பஞ்சாயத்துல வந்து நின்னப்போ ஒரு வரி கூட மாத்திச் சொல்ல முடியல. உங்க ரசீது புக்கு அப்படி நிக்குமா?

முளைப்பாரி அக்கா

உசிலங்காடு அண்ணே, மொய்க்கு ஒரு மேஜை, எல்லாரும் அங்க வர்றாங்க. வசூல்ல நாமதான் வீடு வீடாப் போறோம். நடுவுல ஆள் இல்லாத மாடிப்படி நிறைய இருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா வாங்குறவர் வேற, எழுதுறவர் வேறங்கிறது சரியான வழக்கம். அத நாங்க பொம்பளைங்க குழுவுலயும் பண்றோம்.

எங்களுக்கு உறுத்துனது வேற. ஒத்தையா இருக்குற ஒரு பாட்டி முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த இருபது ரூபாயக் கொடுத்துச்சு. "இதுக்கெல்லாம் ரசீது எதுக்குத்தா"ன்னு கூட வந்தவங்க நடந்துட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அது கோயில் சுவத்துல ஒட்டியிருந்த பேர் வரிசைல விரல வச்சுத் தேடிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் 100-க்குக் கீழ கொடுக்குறவங்களுக்குத் தனியா ஒரு கோடு போட்ட தாள் வச்சிருக்கோம். வீட்டு எண், பேர், தொகை, எதிர்ல கொடுத்தவங்க கையெழுத்து இல்லாட்டி ரேகை. தாள் முடிஞ்சதும் மொத்தத்துக்கு ஒரே ரசீது கிழிச்சு, அந்த எண்ணைத் தாள் தலைல எழுதிடுவோம். முப்பது வரி, ஒரு ரசீது. பேரும் விடுபடாது, புக்கும் வீணாகாது.

பற்றுவரவு

குமாரு, ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் இல்லப்பா. அத மாத்தி எடுக்குறது சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும், அதோட "பிராசஸிங்"ல நின்னு திரும்பிப் போன பணத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். கணக்குல வரவு விழுந்திருக்கான்னு பார்த்து, அந்தப் பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண்ணோட கடைசி நாலு எண்ணை ரசீதுல எழுதணும். ரசீது இல்லாம விட்டா அந்த 2,100 மாதிரிதான் ஆகும்.

ஸ்டாம்ப் விஷயம் பாதி சரி. 5,000-க்கு மேல ஒரு ரூபாங்கிறது உண்மைதான். ஆனா பதிலுக்கு எதுவும் வாங்காம கொடுக்குற பணத்துக்கான ரசீதுக்கு முத்திரைச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. நன்கொடை அதுல வரும். ஒட்டினா தப்பில்ல, ஒட்டாததால ரசீது செல்லாமப் போகாது. கடைக்காரர் விளம்பரப் பலகைக்காகக் கொடுத்தா அது நன்கொடையான்னு கேட்டீங்கன்னா, அது வேற பேச்சு.

அச்சாபீஸ் வாசல்

எல்லாரும் புக்குக்குள்ள பார்க்குறீங்க, புக்கு எத்தனைன்னு யாரும் கேக்கல. ஒரு கமிட்டில எட்டு புக்கு கொடுத்துட்டு ஒன்பதாவதா அதே டிசைன்ல ஒண்ணு ஓடினது. பிடிபட்டது எப்படின்னா, ரெண்டு வீட்டுல ரசீது எண் 217-ன்னு ஒரே எண். ஆர்டர் கொடுக்கும்போதே பில்லுல "1 முதல் 400 வரை, 8 புக்கு"ன்னு அச்சகத்துல எழுதி வாங்கணும், அந்த பில்ல கமிட்டி ஃபைல்ல வைக்கணும். புக்கு கொடுக்குற நோட்டுல எந்த எண் முதல் எந்த எண் வரை யார்கிட்ட, எந்தத் தேதி, கையெழுத்து. திரும்ப வரும்போது எழுதாத தாளையும் எண்ணி வாங்கணும். கெட்டுப் போன ரசீதக் கிழிச்சுப் போடக் கூடாது, ரெண்டு பாதியும் அடிக்கட்டையோட சேர்த்துப் பின் அடிச்சு "ரத்து"ன்னு குறுக்க எழுதணும்.

அப்புறம் அடிக்கட்டை வேண்டாம், கார்பன் வச்ச ரெண்டு தாள் புக்கு போடுங்க. அடிக்கட்டையில 500, கொடுத்தவர் கைல 5,000ன்னு தனித்தனியா எழுத முடியும். கார்பன்ல ஒரே எழுத்து ரெண்டுலயும் விழும். புக்குக்குச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஓய்வு கேஷியர்

யாரும் கேக்கல, ஆனா சொல்லணும். எல்லாத்துக்கும் வேர் பொருளாளரோட சொந்தக் கணக்குல பணம் விழுறதுதான். அவர் வீட்டுக் கேஸ் பில்லும் அம்மன் பணமும் ஒரே வரிசைல போகும். அவருக்குத் திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா பணம் வாரிசுச் சிக்கல்ல மாட்டும். கமிட்டி பேர்லயே சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். கூட்டத் தீர்மான நகல், கமிட்டியோட விதிமுறைத் தாள், பான் அட்டை, கையெழுத்துப் போடுறவங்க அடையாளச் சான்று கேப்பாங்க. பதிவு பண்ணணும்னா 1975-ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கு. ஆனா வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ற பொறுமை இல்லாத கமிட்டி அதுக்குப் போகாம இருக்குறது நல்லது.

அது வரைக்கும் ரெண்டு பேர் சேர்ந்து கணக்குத் திறக்கலாம். ஆனா ஒரு சிக்கல் சொல்லிடுறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாதான் பணம் எடுக்கலாம்னு வச்சா, பல வங்கியில அந்தக் கணக்குல யுபிஐ ஆப் ஓடாது. யாராவது ஒருத்தர் போதும்னு வச்சா ஓடும், ஆனா கட்டுப்பாடு போயிடும். அதனால வசூலுக்கு ஒரு கணக்கு, செலவுக்கு ரெண்டு கையெழுத்துக் கணக்குன்னு வச்சு, ராத்திரி ராத்திரி மாத்திவிடுங்க. ஒரே ஆள்கிட்ட இருந்து ரொக்கமா ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ஒரே விசேஷத்துக்கு வாங்காதீங்க, வருமான வரிச் சட்டம் தடுக்குது, வாங்குனவங்களுக்குத்தான் அபராதம். பெரிய கொடையா இருந்தா காசோலை கேளுங்க.

வடகரைக்காரன்

கேஷியர் ஐயா, எங்க தெருவுல ரெண்டு லட்சம் கொடுக்க ஆளில்ல. எங்களுக்கு வேற சந்தேகம். பந்தலுக்கு உபயமா ஒருத்தர் பணத்த நேரா பந்தல்காரர்கிட்டயே கொடுத்துட்டார். அத வரவு செலவுல காட்டணுமா? ரெண்டு பக்கமும் 18,000 எழுதினா கணக்கு வீங்கிடுச்சுன்னு பேசுறாங்க.

பற்றுவரவு

பணம் கமிட்டி கைக்கு வரல, அதனால வரவுலயும் செலவுலயும் எழுத வேண்டாம். ஒட்டுற தாளுக்குக் கீழ "உபயம்"னு தனிப் பகுதி போட்டு, பந்தல், இன்னார், இன்ன தெரு, பந்தல்காரர் பில் எண்ணுன்னு எழுதுங்க. அரிசி மூட்டை, எண்ணெய் டின்னும் அப்படித்தான், எடையும் எண்ணிக்கையும் மட்டும், ரூபா மதிப்பு போடாதீங்க.

முளைப்பாரி அக்கா

நான் ஒத்துக்க மாட்டேன். அப்படி எழுதினா அடுத்த வருஷம் உபயதாரர் இல்லாதப்ப பந்தலுக்கு எவ்வளவு ஆகும்னு கமிட்டிக்கே தெரியாது. தொகையப் போடுங்க, பக்கத்துல "பணமாக வரவில்லை"ன்னு எழுதுங்க.

பற்றுவரவு

அதுவும் யோசிக்க வேண்டியதுதான்க்கா. ஆனா கூட்டலுக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க.