உப்புத் தட்டும் அம்மாவின் பெட்டிக் கணக்கும்

ஈசூன் அக்கா:
என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் பாத்தி வேலை பார்த்தவர். இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகளுக்காக, போன வாரம் 200 கிராம் தண்ணீரில் 40 கிராம் உப்பைக் கரைத்து அகலமான தட்டில் ஊற்றி, அடுப்படி ஜன்னல் ஓரம் வைத்தேன். தண்ணீர் போனால் உப்புக் கல் வரும், அதைக் காட்டலாம் என்று. தினமும் தராசில் நிறுத்தோம். மூன்றாம் நாள் 240 கிராம் 170 ஆகிவிட்டது. ஆனால் ஒரு கல்லைக்கூடக் காணோம். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டேன்.

"ஏட்டி, தண்ணி பாதியாவது குறையட்டும், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார்.

"எழுபது கிராம் போயிடுச்சேம்மா?"

"உப்புப் பெட்டிய யாரு தூக்குறா? ஆளுதானே? தண்ணிதான் ஆளுன்னு வச்சுக்க. ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் பேரு வேணும். ஆளு நிறைய இருந்தா எல்லாப் பெட்டியும் தலைமேலயே இருக்கும், தரையில ஒண்ணும் தெரியாது. வெயிலும் காத்தும் ஆளை மட்டும்தான் கூட்டிட்டுப் போகும், பெட்டியத் தூக்காது. ஆளு குறையக் குறைய இருக்கிறவன் தலையில பாரம் ஏறும். இதுக்கு மேல முடியாதுங்கிறப்போ பெட்டி கீழ இறங்கும். அதுதான் கல்லு. முதல்ல இறங்கின பெட்டிக்குப் பக்கத்துலயே அடுத்ததும் இறங்கும், அதான் கல்லு பெருசாகுது."

நாலாம் நாள் மதியம் 148 கிராம். தண்ணீர் மேல் பூ மாதிரி சின்னச் சின்னச் சதுரங்கள் மிதந்தன. மகள் விரலால் தொட்டதும் அப்படியே மூழ்கின. பாதிகூட ஆகவில்லை, ஆனால் அம்மா சொன்ன கணக்கை ஏறக்குறைய ஒட்டித்தான் வந்தது.

உட்லண்ட்ஸ் குமார்:
அருமை அக்கா! பாகு ஆறினால் கற்கண்டு வருகிறதில்லையா, அதே மாதிரிதான் இதுவும். பகலில் காய்ந்து, ராத்திரி குளிர்ந்ததும் உப்பு இறங்கிவிடும்.

பாசிர் ரிஸ் தாத்தா:
குமார் தம்பி, கற்கண்டுக்கு நீங்கள் சொல்வது சரி. சீனி சூட்டில் அதிகம் கரையும், ஆறினால் மிச்சம் இறங்கும். உப்பு அப்படி இல்லை. 100 கிராம் தண்ணீர் நம் வீட்டுச் சூட்டில் 36 கிராம் உப்பைப் பிடிக்கும், கொதிக்கும்போதுகூட 39 கிராம்தான். ராத்திரிக் குளிர்ச்சியால் ஒரு சிட்டிகைக்கு மேல் வராது. தண்ணீர் போவதுதான் காரணம்.

தங்கை வைத்த 40 கிராமைப் பிடித்து வைக்க 111 கிராம் தண்ணீர் போதும். உப்பையும் சேர்த்து 151 கிராம். 170-ல் கல் வராததும் 148-ல் வந்ததும் அதனால்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. கல் இறங்கும் கட்டத்தில் ஒரு ஜோடி உப்புத் துகளுக்கு ஒன்பது தண்ணீர் மூலக்கூறுதான் மிஞ்சும். கடல் நீரில் அதுவே நூறுக்கும் மேல். அம்மாவின் பெட்டிக் கணக்கில் தப்பே இல்லை.

தெம்பனிஸ் மலர்:
நான் வேறு ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் வீவக வீட்டில் உப்பு ஜாடி எப்போதும் ஈரம். அரிசி போட்டும் கட்டி தட்டுகிறது. கடையை மாற்றவா?

பாசிர் ரிஸ் தாத்தா:
கடைமேல் பழி இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இங்கே விடியற்காலை 90-க்கும் மேலே போகிறது, மழை இல்லாத மதியம் 60 வரை இறங்குகிறது. சுத்தம் குறைந்த கல்லுப்பு என்றால் அதிலுள்ள மெக்னீசியம் 75-க்கு முன்பே ஈரம் இழுக்கும். மூடி இறுக்கமான டப்பா வாங்குங்கள்.

ஈசூன் அக்கா:
ஓ, அதனால்தானா! அஞ்சாம் நாள் சாயங்காலம் 118 கிராம். மறுநாள் காலையில் பார்த்தால் 120! தராசு கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னால், "உங்க ஊருல உப்பளம் போட்டா பகல்ல வாரி ராத்திரி கரைச்சுக்கிட்டே இருக்கணும்" என்று சிரிக்கிறார்.

மெக்னீசியம் என்றதும் நினைவு வருகிறது. தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று பார்க்க, பாத்தியில் டிகிரிக் குப்பியை மிதக்கவிடுவார்களாம். முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி தாண்டியதும் உப்பு. 30 டிகிரியை நெருங்கினால் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெக்னீசியமும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். ஒருமுறை திறக்க மறந்து ஒரு பாத்தி உப்பு வீணாகி, அன்றைக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டார்களாம். யார் மறந்தது என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

உட்லண்ட்ஸ் குமார்:
சரி தாத்தா, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மிதக்கிற கல்லுக்கு நடுவில் பள்ளம் ஏன்? அக்கா, படம் எடுத்தீர்களா?

ஈசூன் அக்கா:
எடுப்பதற்குள் மகள் எல்லாவற்றையும் தொட்டு மூழ்கடித்துவிட்டாள். தட்டை இப்போது ஏர்கான் அறைக்கு மாற்றியிருக்கிறேன். 112 கிராம்.