11 வருஷம் கழிச்சு டேலி திறக்கிறேன், பெங்களூருல இதை வச்சு ஏதாவது சம்பாதிக்க முடியுமா?

கவிதா, ராமமூர்த்தி நகர்:
எல்லாருக்கும் வணக்கம். மஸ்கட்டுல இருந்து பெங்களூரு வந்து ரெண்டு மாசம் ஆகுது. சொந்த ஊர் மதுரை. பி.காம் முடிச்சுட்டு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் டீலர்கிட்ட ஏழு வருஷம் கணக்கு பார்த்தேன். டேலி, வாட் ரிட்டர்ன், பேங்க் வேலை எல்லாம் நானேதான். கல்யாணம் ஆகி மஸ்கட் போனதோட சரி, 11 வருஷமா வேலைக்குப் போகல. இங்க ரெண்டு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். "2B ரீகன்சைல் பண்ணியிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க, முழிச்சேன். நான் வேலையை விட்டப்போ ஜிஎஸ்டியே கிடையாதே! கன்னடமும் தெரியாது. பையன் மூணு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வந்துடுவான். மாசம் பத்தாயிரம் வந்தாக்கூடப் போதும். வழி இருக்கா?

சுரேஷ், ஷார்ஜா:
வாங்க சிஸ்டர். இங்க 2018 ஜனவரிலதான் வாட்டே வந்துச்சு, அஞ்சு பர்சென்ட். உங்க வாட் அனுபவத்துக்கு இங்க நல்ல மதிப்பு இருக்கும். விசா ஹஸ்பண்டோடதா, விசிட்டா?

கவிதா:
அண்ணா, நான் வளைகுடாவை விட்டு வந்துட்டேன். இப்ப பெங்களூருல இருக்கேன்.

சுரேஷ், ஷார்ஜா:
சாரிம்மா, மஸ்கட்னு பார்த்ததும் டைப் பண்ணிட்டேன்.

ராஜி, எஜிபுரா:
நான் இட்லி மாவு அரைச்சுக் குடுக்கிறேன், எங்க அபார்ட்மென்ட்லயே நாப்பது வீடு. கிரைண்டர் இருந்தாப் போதும், யோசிக்காம இறங்குங்க.

கவிதா:
அக்கா, என் மாவை எங்க வீட்லயே சாப்பிட மாட்டாங்க.

பத்மா, ஹலசூர்:
கவிதா, நானும் ஒம்பது வருஷம் வீட்ல இருந்துட்டு வந்தவதான். இப்ப எட்டு கடைக்குக் கணக்கு பார்க்கிறேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிம்மா.

மொதல்ல, கம்பெனி வேலைக்கு அலையாதே. அங்க உன்னையும் நேத்து படிச்சு முடிச்ச பொண்ணையும் ஒரே தட்டுல வச்சுப் பார்ப்பாங்க. இந்த ஊர்ல சின்னக் கடைக்காரங்க நிறைய பேர் நம்மாளுங்க. பனியன், நைட்டி, லுங்கி, பெட்ஷீட் எல்லாம் திருப்பூர், ஈரோடுல இருந்துதான் எடுக்கறாங்க. 2025 ஜூலைல யுபிஐ வரவைப் பார்த்து வணிகவரி ஆபீஸ்ல இருந்து சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாதிப் பேர் க்யூஆர் அட்டையைக் கழட்டி உள்ள வச்சுட்டாங்க. அதுக்கப்புறம்தான் "கணக்கு ஒழுங்கா பார்க்க ஆள் இருக்கா"ன்னு அவங்களே தேடி வர ஆரம்பிச்சாங்க.

அவங்களுக்கு வேண்டியது டேலில பில் அடிக்கிற ஆள் இல்ல. அதைக் கடைப் பையனே செய்வான். வாங்கின சரக்கோட பில்லும், சப்ளையர்கள் ஏத்தின பில்லெல்லாம் போர்ட்டல்ல தெரியற GSTR-2B லிஸ்ட்டும் ஒண்ணா இருக்கான்னு பார்த்து, இல்லாததைத் துரத்திப் பிடிக்கிற ஆள்தான் வேணும். இன்டர்வியூவுல உன்கிட்ட கேட்டதும் அதையேதான்.

என் கடை ஒண்ணையே கணக்காச் சொல்றேன், எண்ணை மட்டும் ரவுண்டா வச்சுக்கறேன். ஒரு மாசம் அந்தக் கடைக்காரர் எடுத்த சரக்கு 4,00,000. வெளி மாநிலத்துல இருந்து வந்ததால எல்லாத்துக்கும் ஐஜிஎஸ்டி 5 சதவீதம், மொத்தம் 20,000. வித்தது 5,20,000, அதுக்கு வரி 26,000. வாங்கினப்போ குடுத்த 20,000-ஐக் கழிச்சு மீதி 6,000 கட்டினாப் போதும்னு அவர் நிம்மதியா இருந்தார். 14ஆம் தேதி 2B வந்துச்சு, திறந்தா 16,500தான் இருக்கு. 3,500 குறையுது, அதாவது 70,000 ரூபாய் பில் ஒண்ணைக் காணோம். அந்த மாசம் எடுக்கக்கூடியது 16,500 மட்டும்தான், கையில இருந்து கட்ட வேண்டியது 9,500. இந்த ஐஜிஎஸ்டி வரவை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ரெண்டுல எதுக்கு வேணாலும் கழிக்கலாம். 26,000-ல சரிபாதியான சிஜிஎஸ்டி 13,000-ஐ முழுசா அடைச்சுட்டு, மிச்சம் 3,500-ஐ எஸ்ஜிஎஸ்டில கழிச்சேன்.

சரி, அந்த 70,000 எங்க போச்சு? பில்லை எடுத்து நம்ம ஜிஎஸ்டி எண்ணைப் பாரு. கர்நாடகான்னா 29-ல ஆரம்பிக்கணும், தமிழ்நாடு 33. அவசரத்துல எண்ணைத் தப்பா அடிச்சுடுவாங்க, இல்ல நம்ம எண்ணே போடாம சில்லறை விற்பனைல சேர்த்துடுவாங்க. அதுவும் இல்லைன்னா, சப்ளையர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடறவரா இருப்பார். அவர் நடுவுல மாசாமாசம் பில்லை ஏத்தலைன்னா காலாண்டு முடிஞ்சப்புறம்தான் நம்ம 2B-ல தெரியும். எங்க கேஸ் இதுதான். திருப்பூருக்கு போன் போட்டு, "அண்ணே, 13ஆம் தேதிக்குள்ள பில்லை ஏத்திடுங்க, எங்க காசு நிக்குது"ன்னு கேட்டேன். அடுத்த மாசத்துல இருந்து ஒழுங்கா ஏத்தறார். இதுக்குக் கன்னடம் எதுக்கும்மா? மதுரைத் தமிழ்ல நீ கேட்டா இன்னும் சீக்கிரம் ஏத்துவார்.

சீனிவாசன், மல்லேஸ்வரம்:
கணக்கர் வேலைல 34 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த அம்மா சொல்றது சரிதான், ஆனா ரொம்ப பயமுறுத்தறாங்க. பில் கையில இருக்கு, சரக்கு வந்திருக்கு. 2B-ல இருக்கிறதுக்கு மேல அஞ்சு சதவீதம் வரைக்கும் எடுத்துக்கலாம். நான் எடுத்திருக்கேன்.

பத்மா, ஹலசூர்:
சார், நீங்க எடுத்தப்போ அது சரி. 2022 ஜனவரி 1-ல இருந்து அந்த அஞ்சு சதவீதம் போயிடுச்சு. இப்ப 2B-ல இல்லைன்னா ஒரு ரூபாகூட எடுக்க முடியாது. பில் கையில இருக்கணும்னு சொன்னீங்களே, அது இன்னைக்கும் நூத்துக்கு நூறு உண்மை. 2B-ல தெரிஞ்சாலும் பில்லோ சரக்கோ கைக்கு வரலைன்னா எடுக்கக் கூடாது.

சீனிவாசன், மல்லேஸ்வரம்:
அப்படியா? நான் 2021-ல ரிட்டயர். சரி, வாபஸ்.

கவிதா:
அக்கா, ரொம்ப நன்றி. ஆனா எங்க ஆரம்பிக்கிறது? டேலி வாங்கவே பணம் வேணும். பழைய கீ எல்லாம் வேற மாறிடுச்சாம்.

பத்மா, ஹலசூர்:
டேலி பிரைமை லைசன்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோட்ல திறக்கலாம், காசு கிடையாது. 1, 2, 31 தேதிகள்ல மட்டும்தான் என்ட்ரி போட விடும், பழக அது போதும். F8 சேல்ஸ், F9 பர்ச்சேஸ், F5 பேமெண்ட், எல்லாம் நீ விட்ட இடத்துலயே இருக்கு. கிரெடிட் நோட் மட்டும் Alt+F6-க்குப் போயிடுச்சு, டெபிட் நோட் Alt+F5. எதைத் தேடினாலும் Alt+G அடிச்சு பேரை டைப் பண்ணு. ரெண்டு வாரத்துல கை வந்துடும்.

அப்புறம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு மாசம் அரை நாள் உட்காரு. சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், நான் வாங்கினது பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாப் போச்சு. ஆனா உன் கண்ணு முன்னாடி அம்பது கடையோட 2B ஓடும். அதை எந்த கோர்ஸ்லயும் பார்க்க முடியாது. முப்பதாயிரம் கட்டி சர்டிஃபிகேட் வாங்கலாமான்னு கேட்காதே, எந்தக் கடைக்காரரும் என்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டதில்ல. உன் பி.காமை வச்சு ஜிஎஸ்டி பிராக்டிஷனரா போர்ட்டல்ல பதிஞ்சுக்க முடியும். அதுக்கு ஒரு பரீட்சையும் எழுதணும். அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

கடைக்கு நான் வாங்கறது மாசம் 2,000, பில் நிறைய இருந்தா 3,000. அஞ்சு கடை பிடிச்சா உன் பத்தாயிரம் வந்துடும். ஆனா வேலை மாசம் முழுக்க சமமா இருக்காது. 11-க்குள்ள வித்த பில்லை ஏத்தற GSTR-1, 14-ல 2B, 20-க்குள்ள வரியைக் கட்டற GSTR-3B. அந்தப் பத்து நாள்ல பையனுக்குக் காய்ச்சல் வரக் கூடாது, நீயே வேண்டிக்க. வித்ததுல ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாக் கட்டற காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற கடைன்னா வாங்கின வரியைக் கழிக்கிற பேச்சே இல்ல, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேலை. அதனால காசும் கம்மி. பேசும்போது மொதல்ல அதைக் கேட்டுடு.

இன்னொண்ணு, ரிட்டர்ன் போடறப்போ ஓடிபி முதலாளி போனுக்குத்தான் வரும். என் கடைக்காரர் ஒருத்தர் 20ஆம் தேதி சபரிமலைல இருந்தார், போன் ஆஃப். ரெண்டு நாள் லேட், நாளைக்கு 50 ரூபாய் வீதம் நூறு. அதுபோக கட்ட வேண்டிய பணத்துக்கு 18 சதவீத வட்டிக் கணக்குல ரெண்டு நாள். தொகை சின்னதுதான், ஆனா தப்பு என்னுதுன்னு ஆயிடுச்சு. அதுல இருந்து 17ஆம் தேதியே வாட்ஸ்அப்ல எழுதிப் போட்டுடறேன்: "20-ஆம் தேதி நீங்க ஊர்ல இருப்பீங்களா?" வாயால சொல்லாதே, எழுதிப் போடு.

"ரொக்க விற்பனையை இதுல காட்டாதீங்கம்மா"ன்னு யாராவது சொன்னா அந்தக் கடை வேண்டாம். நான் ஒண்ணை விட்டேன், ரெண்டு மாசப் பணமும் வரல.

சீனிவாசன், மல்லேஸ்வரம்:
கடைசிப் பாரா பொன்.

கவிதா (மூணு வாரம் கழிச்சு):
அக்கா, ஒரு கடை கிடைச்சுடுச்சு! கே.ஆர்.புரம் மார்க்கெட் பக்கம் பெட்ஷீட் கடை, எங்க தெரு அயர்ன்காரர் சொல்லிவிட்டார். 1,500தான் பேசினேன், திட்டாதீங்க. போன மாச பில் 23 இருந்துச்சு, 2B-ல 21. ஒண்ணுல நம்ம எண்ணோட கடைசி எழுத்தைத் தப்பா அடிச்சிருக்காங்க, ஈரோடுல பேசிட்டேன், திருத்தறேன்னு சொன்னார். இன்னொண்ணுதான் புரியல. முதலாளி பஸ்ல ஈரோடு போய் கடைல நின்னு வாங்கி, கையோட தூக்கிட்டு வந்திருக்கார். பில்ல ஐஜிஎஸ்டி இல்ல, தமிழ்நாட்டு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருக்கு. இதை எடுக்கலாமா?

பத்மா, ஹலசூர்:
1,500-க்குத் திட்டு நேர்ல. அந்த பில் வம்பு. தமிழ்நாட்டு வரியைக் கர்நாடகாக் கடை கழிக்க முடியாது, அதனால இப்போதைக்கு எடுக்காதே. சரக்கு கர்நாடகாவுக்குத்தான் போகுதுன்னு சொல்லி ஐஜிஎஸ்டி பில்லா மாத்திக் கேளு.

சீனிவாசன், மல்லேஸ்வரம்:
கவுண்டர்லயே சரக்கைக் கைல குடுத்தாச்சுன்னா டெலிவரி ஈரோடுல முடிஞ்சுபோச்சு. அவர் போட்ட பில் சரி, ஏன் மாத்தணும்?

பத்மா, ஹலசூர்:
சார், இதுல எங்க ஆடிட்டரும் பக்கத்து ஆடிட்டருமே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பதிவு பண்ணின கடை, எண் 29-ன்னு பில்லுலயே இருக்கும்போது சரக்கு போய்ச் சேர்ற இடம் கர்நாடகாதான்னு எங்காளு வாதம். கவிதா, எவ்வளவு வரி அதுல?

கவிதா:
840 ரூபாய் அக்கா.

பத்மா, ஹலசூர்:
அப்ப சண்டை போடாதே, செலவுல சேர்த்துடு. அடுத்த தடவை பஸ் ஏறறதுக்கு முன்னாடி உனக்கு போன் போடச் சொல்லு.