இந்தச் சுவர்ப் படத்தில் எது ஏசி, எது கூலர்?

டெல்லியில் எங்கள் குடியிருப்பின் பின்சுவரைப் படம் எடுத்து, எத்தனை ஏசி இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்ப்ளிட் ஏசியின் அவுட்டோர் சிக்கல் இல்லை, முகப்பில் வட்டமான விசிறிக் கம்பிவலை, கீழே இரும்பு பிராக்கெட், பக்கவாட்டில் கறுப்பு உறை போட்ட இரண்டு செம்புக் குழாய் சுவருக்குள் போகும். மூன்றாம் மாடியின் திறந்த வராந்தாவில் மேலே ஒரு நீள வெள்ளைப் பெட்டி, விசிறி வலை கிடையாது, அடியில் மட்டும் காற்று வரும் நீள வாய், அது இன்டோர் என்று விட்டுவிட்டேன்.

குழப்பமே இரண்டாம் மாடி ஜன்னல்தான். இரும்பு ஸ்டாண்டில் ஒரு தகரப் பெட்டி, தெரிகிற பக்கமெல்லாம் சாய்ந்த பட்டைகள், செம்புக் குழாய் இல்லை. கூலரின் விசிறி அறையைப் பார்த்துத்தானே இருக்கும், அதனால் வெளியிலிருந்து தெரியாது, சரி. ஆனால் பழைய விண்டோ ஏசிக்கும் பக்கவாட்டில் இப்படிப் பட்டைகள் உண்டே! பட்டைக்குப் பின்னால் புல் மெத்தையா, அலுமினியத் தகடா என்று பெரிதாக்கினாலும் தெரியவில்லை. அடியில் உப்புக்கறையும் துருவும் இருப்பதால் கூலர் என்று நினைக்கிறேன். வேறு எதை வைத்து உறுதி செய்யலாம்? படம் கீழே.